அம்மா லேமினேஷன் போட்ட ரிப்போர்ட்

என்னுடைய விந்துப் பரிசோதனை ரிப்போர்ட்டை அம்மா லேமினேஷன் போட்டு வைத்திருந்தாள். இதை எழுதும்போதே எனக்குக் கூசுகிறது. ஆனால் நடந்தது அதுதான்.

எங்கள் வீட்டில் எது முக்கியமோ அதற்கெல்லாம் லேமினேஷன் உண்டு. ரேஷன் கார்டு, வாக்காளர் அட்டை, அப்பாவின் இறப்புச் சான்றிதழ், நான் பத்தாவது பாஸான மார்க் ஷீட். மழையும் கரையானும் தின்றுவிடும் என்று அம்மாவுக்குப் பயம். அந்த வரிசையில் என் ரிப்போர்ட்டும் சேர்ந்தது. காரைக்காலில் லேபுக்கு இரண்டு கடை தள்ளி இருந்த ஜெராக்ஸ் கடையில், பள்ளிக்கூடப் பெண்கள் நாலு பேர் நின்றுகொண்டிருக்க, அதை நீட்டி லேமினேஷன் போட்டு வாங்கியிருக்கிறாள். அம்மாவுக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. லேப்காரர் "எல்லாம் நார்மல்ம்மா" என்று சொன்னது போதும். அந்த அட்டை அவள் கைப்பையில் வெற்றிலைப் பொட்டலத்துக்கும் விபூதிக்கும் நடுவில் குடியேறியது. கல்யாண வீட்டிலும் வளைகாப்பிலும் யாராவது "உம் மருமவளுக்கு இன்னும் ஒண்ணும் விசேஷம் இல்லியா?" என்று கேட்டால் உடனே வெளியே வரும்.

"எம் புள்ளைக்கு ஒரு கொறையும் இல்லக்கா. இந்தா பாருங்க, ஆசுபத்திரியில எழுதிக் குடுத்துருக்காங்க."

பார்த்தவர்களில் பாதிப் பேருக்கு அது என்னவென்று தெரியாது. தெரிந்தவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். ஆனால் எல்லோரும் அடுத்ததாகத் திரும்பிப் பார்த்தது என் மனைவியைத்தான். அதற்காகத்தான் அட்டையே.

அந்த அட்டையில் இருந்தது பொய் இல்லை. அதற்குப் பின்னால் நான் ஒளிந்துகொண்டதுதான் அசிங்கம்.

அப்போது எனக்கு முப்பத்தொரு வயது. கோட்டுச்சேரி கொம்யூன் பஞ்சாயத்தில் பிறப்பு இறப்புப் பதிவுப் பிரிவில் குமாஸ்தா. சுனாமிக்கு அடுத்த ஆண்டு தை மாதம் கல்யாணம். பெண் விழிதியூர், விவசாயக் குடும்பம், பி.காம். படித்தவள். அதிகம் பேசமாட்டாள், ஆனால் பேசினால் கேட்டவனுக்கு ஒரு வாரம் மறக்காது. அப்பா இல்லாத வீட்டில் அம்மாவும் நானும் அவளும் மட்டும்தான்.

முதல் இரவில் எல்லாம் அரை நிமிடத்தில் முடிந்துவிட்டது. சரியாகச் சொன்னால் தொடங்குவதற்கு முன்பே முடிந்துவிட்டது. கல்யாண அலைச்சல் என்று நினைத்துக்கொண்டேன். இரண்டாம் நாளும் அப்படியே, மறுவீடு போன இடத்திலும் அப்படியே. ஒன்று, உள்ளே போவதற்கு முன்பே ஆகிவிடும். அபூர்வமாகப் போனால் அடுத்த நொடியே ஆகிவிடும். ஒரு மாதம் கழிந்தபோது, விளக்கை அணைப்பதற்கு முன்னாலேயே எனக்குள்ளே ஒரு பரபரப்பு கிளம்பிவிடும். இன்றைக்காவது, இன்றைக்காவது என்று மனம் அடித்துக்கொள்ளும். அந்த அடிப்பிலேயே இன்னும் சீக்கிரம் முடியும். முடிந்ததும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வேன். அவள் எழுந்து போய்க் கழுவிவிட்டு வருவாள். சில நாள் "தண்ணி வேணுமாங்க?" என்று கேட்பாள். அந்தத் தண்ணீரைக் குடிக்கக்கூட எனக்கு வெறுப்பாக இருந்தது.

அலுவலகத்திலோ வேறு உலகம். டீ வேளையில் ஆளாளுக்கு வீரப் பிரதாபம். விடிய விடியத் தூங்கவில்லை என்று ஐம்பது வயது வரிவசூல்காரர் சொல்வார். நானும் சேர்ந்து சிரிப்பேன். ஒருமுறை நானே ஒரு கதையை அவிழ்த்துவிட்டேன். கேட்டவர்கள் என் முதுகில் தட்டினார்கள். நானும் அந்தத் தட்டலை வாங்கிக்கொண்டு நின்றேன்.

ஒன்றரை வருடம் போனது. குழந்தை இல்லை. எப்படி இருக்கும்? ஆனால் அது எங்கள் இரண்டு பேருக்கு மட்டும் தெரிந்த விஷயம். ஊருக்கும் அம்மாவுக்கும் தெரிந்தது "மருமகள் உண்டாகவில்லை" என்பது மட்டும். தினம் பத்துக் குழந்தைகளின் பெயரைப் பதிவேட்டில் எழுதுகிறவன் நான். பிறப்புச் சான்றிதழ் வாங்க வருகிற தெரிந்தவர்கள், "ஊரு புள்ளைக்கெல்லாம் பேரு எழுதுறீங்க, ஒங்க வூட்டுப் பேரு எப்ப சார்?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள்.

அம்மாதான் அவளைக் காரைக்காலில் ஒரு பெண் டாக்டரிடம் அழைத்துப் போனாள். டாக்டர் அறைக்குள்ளும் கூடவே போய் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள். டாக்டர் கேட்க வேண்டியதைக் கேட்டிருக்கிறார்.

"ரெண்டு பேரும் சேந்து இருக்குறதுலாம் சரியா நடக்குதாம்மா?"

மாமியார் பக்கத்தில் இருக்கும்போது எந்த மருமகள் "இல்லை" என்பாள்? "நடக்குது டாக்டர்" என்று சொல்லியிருக்கிறாள். அத்தோடு அந்தக் கேள்வி முடிந்தது. நோட்டில் ஒரு டிக் விழுந்தது. அதற்குப் பிறகு வந்தவையெல்லாம் அந்த டிக் கொண்டுவந்தவை.

முதலில் எனக்கு விந்துப் பரிசோதனை. லேபில் ஒரு பிளாஸ்டிக் டப்பாவைக் கொடுத்து, பின்பக்கக் கழிவறையைக் காட்டினார்கள். தாழ்ப்பாள் சரியில்லை. மூலையில் ஒரு பக்கெட், அதில் மிதக்கும் ஒரு துடைப்பம், பினாயில் நாற்றம். அங்கேயும் எனக்கு ஒரு நிமிடம் ஆகவில்லை. டப்பாவை மூடிவிட்டு, உடனே வெளியே போனால் லேப்காரர் என்ன நினைப்பாரோ என்று அந்த நாற்றத்திலேயே பத்து நிமிடம் நின்றேன். பக்கெட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். யாருக்காக இந்த நாடகம் என்று அப்போது தோன்றவில்லை.

ரிப்போர்ட் வந்தது. எண்ணிக்கை சரி, அசைவு சரி, எல்லாம் நார்மல். படித்ததும் எனக்கு என்ன தோன்றியது என்பதை மறைக்காமல் சொல்கிறேன். சந்தோஷம். என்னிடம் குறை இல்லை என்று அச்சடித்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். அந்தப் பரிசோதனை விந்து எப்படி இருக்கிறது என்று பார்க்கிறதே தவிர, அது போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போகிறதா என்று பார்ப்பதில்லை. இது எனக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்தேதான் தாளை அம்மா கையில் கொடுத்தேன். அம்மா ஜெராக்ஸ் கடைக்குப் போனாள்.

அதன் பிறகு எல்லாப் பரிசோதனையும் அவளுக்குத்தான். ரத்தம், ஸ்கேன், மறுபடி ரத்தம். கருக்குழாயில் அடைப்பு இருக்கிறதா என்று மருந்து செலுத்தி எக்ஸ்ரே எடுத்தார்கள். அன்று மாலை பஸ்ஸிலிருந்து இறங்கி வீட்டுக்கு வரும்போது, அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்து நடந்து வந்தாள். அம்மா முன்னால் விறுவிறுவென்று நடந்து வந்தாள். நான் வாசலில் நின்று பார்த்தேன். "வலிக்குதா?" என்று கேட்டேன். "இல்ல" என்றாள். நான் உள்ளே போய் டி.வி. போட்டேன்.

இதற்கு நடுவே நான் சும்மா இருக்கவில்லை. திருட்டுத்தனமாக வைத்தியம் பார்த்தேன். மயிலாடுதுறையில் மாதம் ஒருமுறை லாட்ஜில் ரூம் போட்டு உட்காரும் ஒருவரைப் பற்றி, பஸ் ஸ்டாண்டு மூத்திரச் சுவரில் ஒட்டியிருந்த நோட்டீஸில் படித்தேன். விஷயத்துக்குத் தகுந்த சுவர்தான். அறைக்கு வெளியே வராந்தாவில் பதினைந்து ஆண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் உட்கார்ந்திருந்தோம். உள்ளே மஞ்சள் கறை படிந்த கட்டில் விரிப்பு. அதன்மேல் பாட்டில்கள். அந்த ஆள் என் கையைக்கூடத் தொட்டுப் பார்க்கவில்லை.

"கைப்பழக்கம் இருந்துச்சா?"

தலையாட்டினேன்.

"அதான். நரம்பெல்லாம் தளந்துபோச்சு. ஒடம்புல சத்தெல்லாம் வழிஞ்சுபோச்சு. இன்னும் ஆறு மாசம் உட்டீங்கன்னா மொத்தமா படுத்துரும்."

பதினைந்து பேருக்கும் அதையேதான் சொல்லியிருப்பார். எனக்கு லேகியம் கொடுத்தார். கறுப்பாக, கெட்டுப்போன வெல்லமும் வேறு எதுவோ செத்ததும் சேர்ந்த வாடை. அதை வீட்டில் வைக்க முடியாது. அலுவலகத்தில் பழைய இறப்புப் பதிவேடுகளுக்குப் பின்னால் ஒளித்துவைத்துத் தினம் ஒரு உருண்டை விழுங்கினேன். எறும்புதான் நன்றாகத் தேறியது. அந்த ஆள் கொடுத்த பயம் மட்டும் என்னிடம் ஒட்டிக்கொண்டது. அதற்குப் பிறகு முன்னைவிட மோசமானது.

பிறகு பிராந்தி. காரைக்காலில் அதற்குப் பஞ்சமில்லை. இரண்டு கிளாஸ் போட்டால் நேரம் நீளும் என்று வரிவசூல்காரர் சொன்னதைக் கேட்டுப் போட்டேன். ஒன்றும் எழும்பவே இல்லை. பாயில் வாந்தி எடுத்தேன். விடிந்ததும் அவள் அந்தப் பாயைக் கிணற்றடியில் தேய்த்துக் கழுவினாள். அம்மா, "ஒரு கொறையும் இல்லாத புள்ள, கவலையில குடிக்க ஆரம்பிச்சிட்டான்" என்று அவள் காதுபட அக்கம்பக்கத்தில் சொன்னாள்.

அப்புறம் அந்த ஜெல்லி.

மருத்துவமனைகளில் மூத்திரக் குழாய் சொருகும்போது வலிக்காமல் இருப்பதற்காகத் தடவுகிற மரத்துப்போகும் ஜெல்லி ஒன்று இருக்கிறது. அதைப் பூசினால் உணர்ச்சி குறையும், நேரம் பிடிக்கும் என்று எங்கோ கேள்விப்பட்டு, எங்கள் ஊரில் வாங்காமல் நாகூரில் போய் ஒரு டியூப் வாங்கினேன். எவ்வளவு பூசுவது, எவ்வளவு நேரம் விடுவது, துடைக்க வேண்டுமா, ஒன்றும் தெரியாது. தாராளமாகப் பூசினேன். துடைக்கவில்லை. ஆணுறையும் போடவில்லை. அவளிடம் சொல்லவும் இல்லை. எனக்கு நேரம் கொஞ்சம் கூடியது, அவ்வளவுதான். ஆனால் அவளுக்கு மரத்துப்போய்விட்டது. முதலில் எரிச்சல், பிறகு அந்த இடமே இல்லாததுபோல் ஒரு மணி நேரம் உணர்ச்சி இல்லை. பயந்துபோய் உட்கார்ந்திருந்தாள்.

"ஏங்க, எனக்கு என்னமோ ஆயிடுச்சுங்க. தொட்டாத் தெரியல."

டியூப் என் தலையணை உறைக்குள் இருந்தது. நான் சொன்னது இது: "நாளைக்கு டாக்டர்ட்ட சொல்லு."

இதைவிடக் கேவலமான ஒரு வாக்கியத்தை நான் என் வாழ்க்கையில் சொன்னதில்லை. அந்த மாதத்தில் இன்னும் மூன்று தடவை பூசினேன். மூன்று தடவையும் அவளுக்கு மரத்துப்போனது. டாக்டரிடம் சொல்ல அவளிடம் ஒரு புது நோய் சேர்ந்தது. அதற்குள் வயிற்றில் ஓட்டை போட்டுக் கேமரா விட்டுப் பார்க்கும் லேப்ராஸ்கோபிக்குத் தேதி குறித்திருந்தார்கள். மயக்க ஊசி, இரண்டு மூன்று தையல், ஒரு நாள் ஆஸ்பத்திரி. அதிலும் ஒன்றும் தெரியாவிட்டால் அடுத்து என்ன என்பதற்கு என் தாய்மாமனிடம் பதில் தயாராக இருந்தது. "ஊருல வேற பொண்ணா இல்ல?" என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோழிக்குழம்பு ஊற்றிச் சாப்பிட்டுக்கொண்டே கேட்டார். பரிமாறிக்கொண்டிருந்தது அவள்தான்.

இந்த மரத்துப்போன கதையைக் கேட்டுத்தான் பெண் டாக்டர் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறார். எப்போதெல்லாம் ஆகிறது என்று கேட்டார். சேர்ந்திருந்த அன்றைக்கு மட்டும், ஒரு மணி நேரத்தில் சரியாகிவிடுகிறது என்றாள். டாக்டர் என் அம்மாவை வெளியே உட்காரச் சொன்னார். பிறகு, "அடுத்த தடவ ஒங்க வூட்டுக்காரர் வராம ஆபரேஷன் கெடையாது" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

நான் போனேன். அம்மாவையும் அவளையும் வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, டாக்டர் கதவைச் சாத்தினார்.

"என்ன தடவுனீங்க?"

கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

"சார், ஒங்க மனைவிக்கு எந்த நோயும் இல்ல. யாரோ மரத்துப்போற மருந்து தடவியிருக்காங்க. அவங்க இல்ல. அப்ப நீங்கதான். எதுக்குத் தடவுனீங்க?"

சொன்னேன். இரண்டு வருடமாகச் சொல்லாததை இரண்டு நிமிடத்தில் சொல்லி முடித்தேன். சொல்லும்போது அவர் மேசைமேல் இருந்த கர்ப்பப்பை பொம்மையையே பார்த்துக்கொண்டிருந்தேன். டாக்டர் பேனாவை வைத்துவிட்டுக் கண்ணைத் தேய்த்துக்கொண்டார்.

"ஒங்க அம்மா முன்னாடி ஒக்காந்திருக்கறப்ப அந்தக் கேள்வியக் கேட்டது என் தப்பு. தனியா கேட்டிருக்கணும். ஒங்க ரிப்போர்ட் நல்லா இருக்கு, அவங்க ரிப்போர்ட்டும் நல்லா இருக்கு. ரெண்டும் சந்திக்கவே இல்லன்னா எப்படிக் கொழந்த வரும்? இவ்வளவு டெஸ்ட்டும் அந்தப் பொண்ணு எதுக்காகப் பட்டுச்சு, சொல்லுங்க?"

ஆபரேஷனை ரத்து செய்தார். அரசு மருத்துவமனைக்குக் குறிப்பிட்ட நாளில் வரும் மனநல மருத்துவருக்குச் சீட்டு எழுதினார்.

மனநலம் என்றதும் எனக்குச் சுருக்கென்றது. அந்த வரிசையில் என்னைத் தெரிந்தவன் எவனாவது பார்த்தால் கொம்யூனில் என் பெயர் என்ன ஆகும் என்றுதான் முதலில் நினைத்தேன். அவளுடைய வயிற்றைப் பற்றி நினைக்கவில்லை.

ஆனாலும் போனேன். அந்த மனநல டாக்டர் இளவயது. லாட்ஜ் வைத்தியரைப்போல் மிரட்டவில்லை. முதல் நாளிலிருந்தே இப்படித்தானா, இல்லை நடுவில் வந்ததா என்று கேட்டார். முதல் நாளிலிருந்தே என்றேன். நடுவில் வந்தது என்றால் தைராய்டு அதிகமாகச் சுரப்பது, புராஸ்டேட் சுரப்பியில் அழற்சி, விறைப்பு நிற்காமல் போய்விடுமோ என்று அவசரப்படுவது இப்படிப் பலதைத் தேட வேண்டும் என்றார். இருந்தாலும் தைராய்டுக்கும் சர்க்கரைக்கும் ரத்தம் எடுக்கச் சொன்னார், மூத்திரம் போகும்போது எரிச்சல் உண்டா என்றும் கேட்டார். எல்லாம் சரியாக இருந்தது.

"சிலருக்கு ஒடம்பு வாகே அப்படி. மூளையில செரடோனின்னு ஒண்ணு இருக்கு. அது வேலை செய்யுற விதத்துல வித்தியாசம் இருந்தா அடக்கறது கஷ்டம். அது மேல பயம் சேந்துடுது. இன்னிக்கும் ஆயிடுமோன்னு பயந்தா ஒடம்பு இன்னும் அவசரப்படும். நீங்க ரெண்டு வருஷமா தெனம் பயத்தத்தான் பழக்கியிருக்கீங்க."

கைப்பழக்கத்தைப் பற்றிக் கேட்டேன். அதனால் நரம்பு தளராது, சத்தும் போகாது என்றார். யாராவது வந்துவிடுவார்களோ என்று அவசர அவசரமாக முடித்துப் பழகியவர்களுக்கு அந்த அவசரம் ஒட்டிக்கொள்ளலாம், அதுவும் உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். தாத்தா பாட்டி இருந்த காலத்தில், ஒரே கூடத்தில் அஞ்சு பேர் படுக்கிற வீட்டில் வளர்ந்தவன் நான். லேகியத்தைப் பற்றிச் சொன்னதும் முகத்தைச் சுளித்தார். ஜெல்லியைப் பற்றிச் சொன்னதும் இன்னும் சுளித்தார். மரத்துப்போகச் செய்யும் களிம்பும் ஒரு வைத்தியம்தானாம். ஆனால் கொஞ்சமாகப் பூசி, சிறிது நேரம் விட்டு, துடைத்துவிட்டோ ஆணுறை போட்டோதான் சேர வேண்டும். குழந்தைக்கு முயல்கிறவர்களுக்கு அது சரிப்படாது. "அதவிட, அவங்கள்ட்ட சொல்லாம செஞ்சீங்களே, அது வைத்தியமே இல்ல" என்றார்.

மாத்திரை எழுதினார். மன அழுத்தத்துக்குக் கொடுப்பது, விந்து வருவதைத் தள்ளிப்போடுவது அதன் பக்கவிளைவு, அதையே இங்கே மருந்தாக்குகிறோம் என்றார். பலன் தெரிய ஒன்றிரண்டு வாரம் ஆகும், வாய் உலரும், கொட்டாவி வரும், நாமாகத் திடீரென்று நிறுத்தக் கூடாது. கூடவே ஒரு பயிற்சி. முதல் சில வாரம் உடலுறவே கிடையாது. அவள் கையால் தொட, வந்துவிடும் போலிருக்கும் கட்டத்துக்குச் சற்று முன்னால் நான் "நிறுத்து" என்று சொல்ல வேண்டும். அடங்கிய பிறகு மறுபடி. மூன்று முறை நிறுத்தி, நான்காம் முறை விட்டுவிடலாம்.

"இதுக்கு அவங்க ஒத்துழைக்கணும். எல்லாத்தயும் அவங்கள்ட்ட பேசுங்க."

வீட்டுக்கு வந்து மாட்டுக்கொட்டகைப் பக்கம் அவளைக் கூப்பிட்டுப் பேசினேன். ஜெல்லியைச் சொன்னேன். லேகியத்தைச் சொன்னேன். லேப் கழிவறையில் பத்து நிமிடம் நின்றதைக்கூடச் சொன்னேன். அழுவாள் என்று நினைத்தேன். வைக்கோல் அள்ளிப் போட்டுக்கொண்டே கேட்டாள்.

"ஜெல்லி தெரியாது. மத்தது தெரியும்ங்க. கல்யாணம் ஆயி மூணாவது மாசமே எங்க அக்காட்ட கேட்டுட்டேன்."

"அப்ப ஏன் சொல்லல?"

"நீங்க சொல்லுவீங்கன்னு இருந்தேன். ஊசி போட்டப்ப சொல்லுவீங்கன்னு நெனச்சேன். எக்ஸ்ரே எடுத்தப்ப சொல்லுவீங்கன்னு நெனச்சேன். வயித்தக் கிழிக்கறதுக்கு முன்னாடியாவது சொல்றீங்களான்னு பாத்துக்கிட்டிருந்தேன்."

அவள் வைக்கோல் தூசியைத் தட்டிவிட்டாள்.

"டாக்டர் சொன்னதெல்லாம் செய்யறேன். ஆனா ஒண்ணு. அத்தட்ட நீங்களே சொல்லணும். என்னை வச்சுச் சொல்லக் கூடாது. அந்த அட்டைய யாருக்கெல்லாம் காட்டுனாங்களோ அவங்களுக்கும் தெரியணும்."

அன்றே அம்மாவிடம் சொன்னேன். எப்படிச் சொல்வது என்று தெரியாமல், "கொற எங்கிட்டதாம்மா, எனக்குச் சீக்கிரம் ஆயிடுது, அது உள்ளயே போவல" என்று போட்டு உடைத்தேன். அம்மா காதைப் பொத்திக்கொண்டாள். பிறகு மருமகள் இருந்த பக்கம் ஒரு பார்வை பார்த்தாள்.

"அவ சொல்லச் சொன்னாளா தம்பி?"

"இல்லம்மா. டாக்டரே சொல்லிட்டாங்க."

"எந்த டாக்டரு? எழுதிக் குடுத்துருக்கானே, இது யாரு குடுத்தது?"

கைப்பையிலிருந்து அட்டையை எடுத்து என் முகத்துக்கு நேரே நீட்டினாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் அதைப் பிடுங்கிக் கிழிக்கப் பார்த்தேன். கிழியவில்லை. இரண்டு கையாலும் முறுக்கினேன், வளைந்தது, மறுபடி நிமிர்ந்துகொண்டது. பல்லால்கூடக் கடித்தேன். அம்மா பொறுமையாக என் கையிலிருந்து வாங்கி, எச்சிலை முந்தானையால் துடைத்து, பைக்குள் வைத்துக்கொண்டாள். கதவோரம் நின்ற என் மனைவி அடுப்படிக்குப் போனாள். நானும் அதற்குமேல் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. அவளுக்குக் கொடுத்த வாக்கில் பாதியோடு நின்றுகொண்டேன்.

அவளோ தன் வாக்கை முழுதாகக் காப்பாற்றினாள். முதல் வாரம் பயிற்சி எனக்குக் கேலிக்கூத்தாகப் பட்டது. "நிறுத்து" என்று சொல்வதற்குள் ஆகிவிடும். அவள் துண்டை எடுத்துக் கொடுத்து, "சரி, நாளைக்கு" என்பாள். மாத்திரையால் அலுவலகத்தில் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தேன். மூன்றாம் வாரம் ஒருமுறை நிறுத்த முடிந்தது. பிறகு இரண்டு முறை. இன்றைக்கு என்ன ஆகும் என்ற அடிப்பு மெல்லக் குறைந்தது. இரண்டு மாதத்துக்குப் பிறகு டாக்டர் அனுமதி கொடுத்தார். நாலைந்து நிமிடம். வரிவசூல்காரர் சிரிப்பார். எங்களுக்கு அது போதுமானதாக இருந்தது. சில நாள் பழையபடி ஆகும், ஆனால் நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுப்பதை விட்டுவிட்டேன். குழந்தைக்கு முயலத் தொடங்கியதும் மாத்திரையைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்தினார். அப்படியும் ஓரளவு தாக்குப்பிடித்தது. அதிலிருந்து ஏழாவது மாதம் அவளுக்கு நாள் தள்ளிப்போனது.

அரசு மருத்துவமனையில் பெண் குழந்தை பிறந்தது. மறுநாள் காலை பார்வையாளர் நேரத்தில் நான் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு போனேன். இரண்டு பக்கமும் கட்டில்கள். ஒவ்வொரு கட்டிலையும் சுற்றி உறவுக்காரர்கள். எங்கள் ஊருக்குப் பக்கத்துக் கோட்டுச்சேரிமேட்டிலிருந்து வந்திருந்த பெண்கள் பக்கத்துக் கட்டிலில் பேரனைக் கொஞ்சிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் மூத்தவள் எங்கள் குழந்தையைப் பார்த்துவிட்டு, "கல்யாணமாயி எத்தினி வருசம் ஆச்சு?" என்று கேட்டாள்.

"நாலு" என்றாள் அம்மா. "என்னத்தச் சொல்றது. இதுக்குப் பாக்காத வைத்தியம் இல்ல. ஆனா எம் புள்ளைக்கு அன்னிக்கே ஒரு கொறையும் இல்லன்னு எழுதிக் குடுத்துட்டாங்க."

கை பைக்குள் போனது. அட்டை வெளியே வந்தது. அதன் ஒரு ஓரத்தில் என் பல் தடம் இருந்தது. மூத்தவள் அதை வாங்கித் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டு, என் மனைவியைப் பார்த்து "ஐயோ பாவம்" என்பதுபோல் உச்சுக் கொட்டினாள். என் மனைவி குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. முதல் நாளிலிருந்து பழகிவிட்ட ஒன்றைத் தாங்குகிறவள்போல இருந்தாள். மூத்தவள் கையிலிருந்து நான் அந்த அட்டையை வாங்கினேன்.

"அம்மா சொல்றது பொய்ங்க" என்றேன். "இவங்களுக்கு எந்த வைத்தியமும் தேவைப்படல. வைத்தியம் பாத்தது எனக்குத்தான். எனக்குச் சீக்கிரம் ஆயிடும். அதனாலதான் இத்தன வருசமா கொழந்த இல்ல. இது தெரிஞ்சும் நான் வாயத் தொறக்கல. இவங்கள டெஸ்ட்டு டெஸ்ட்டா எடுக்க விட்டேன்."

பக்கத்துக் கட்டில்கள் அமைதியாகின. மூத்தவள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். நர்ஸ் ஊசித் தட்டோடு அப்படியே நின்றுவிட்டார். அம்மா, "தம்பி, தம்பி" என்று என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

என் மனைவி அப்போதுதான் தலையை நிமிர்த்தினாள். குழந்தையை மறுபக்கம் மாற்றிப் போட்டுக்கொண்டாள்.

"சத்தமா சொல்லுங்க" என்றாள். "அந்தக் கோடிக் கட்டில்ல இருக்கறவங்களுக்குக் கேக்கல."